தோட்டத்துக் காயை நேராக விற்கும்போது என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

கேள்வி: தொண்டாமுத்தூர் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். கத்தரி, வெண்டை, புடலை, தக்காளி, கீரை, சின்ன வெங்காயம் போட்டிருக்கிறோம். மண்டிக்குப் போடாமல், கோவையில் இரண்டு அப்பார்ட்மென்ட்டுகளுக்கு வாட்ஸ்அப் வழியாக நேரடியாகக் கொடுக்கப் போகிறோம். அவர்களிடம் சொல்ல ஒரு பேச்சு எழுதித் தர முடியுமா? 'ஃபிரெஷ்' என்று பொய் கலக்காமல் சொல்ல வேண்டும், ஆர்டர் எப்படி என்றும் புரிய வேண்டும். கத்தரிக்கு இரண்டு முறை மருந்து அடித்திருக்கிறோம், அதையும் சொல்லணுமா?

பதில்:

மருந்து அடித்ததைச் சொல்லத்தான் வேண்டும். எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் பேச்சை அங்கே தொடங்காதீர்கள், பறித்த நேரத்தில் தொடங்குங்கள். உங்களிடம் இருக்கிற, கடைக்காரரிடம் இல்லாத ஒரே விஷயம் அதுதான். மண்டி வழியாக வந்த கத்தரிக்காய் எந்த நாள் செடியை விட்டுப் பிரிந்தது என்று கடைக்காரருக்குத் தெரியாது. உங்களுக்கு மணிக்கணக்கில் தெரியும். அதைச் சொன்னாலே போதும், 'ஃபிரெஷ்ஷோ ஃபிரெஷ்' என்று கூவ வேண்டியதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் பையில் இருக்கும் எல்லாக் காய்க்கும் ஒரே வயது இருக்காது. புதன் காலை கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கீரை அன்று விடியற்காலையில் பறித்ததாக இருக்கும். கத்தரி, வெண்டை, புடலை முந்தின நாள் சாயங்காலம் பறித்தவை. தக்காளியை நிறம் திரும்பும்போது திங்களன்றே எடுத்திருப்பீர்கள், ஏனென்றால் செடியிலேயே முழுக்கச் சிவந்த பழம் பைக்குள் நசுங்கிவிடும். சின்ன வெங்காயம் பல வாரங்களுக்கு முன்னால் பிடுங்கிக் காயவைத்துப் பட்டறை போட்டுச் சேமித்து வைத்தது. இத்தனையையும் சேர்த்து 'இன்று காலை பறித்தது' என்று சொன்னால், கீரையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது பொய். பெரிய பொய் இல்லைதான். ஆனாலும் ஒரு வீட்டில் வெங்காயத் தோலை உரிக்கும்போது 'இது எப்படி இன்னைக்குப் பறிச்சது?' என்று கேள்வி வந்துவிட்டால், அப்புறம் கீரையையும் நம்ப மாட்டார்கள்.

அதனால் முதல் பேச்சை இப்படி வைக்கலாம். வாட்ஸ்அப் குரல் பதிவாகவும் போடலாம், கேட்டில் நின்று பேசினாலும் இதுவே போதும்:

"வணக்கங்க. தொண்டாமுத்தூர் பக்கத்துல இருந்து பேசறோமுங்க. எங்களுக்கு ரெண்டு ஏக்கர் தோட்டம். அதுல விளையற காயை வாரத்துல ரெண்டு நாள், புதனும் சனியும், நேரா உங்க அப்பார்ட்மென்ட்டுக்குக் கொண்டு வர்றோம். எந்தக் காய் எப்பப் பறிச்சதுன்னு பில்லுலயே எழுதியிருக்கும். கீரை அன்னைக்கு விடியால பறிச்சது. கத்திரி, வெண்டை, புடலை முந்தின நாள் சாயங்காலம் பறிச்சது. தக்காளி ரெண்டு நாள் முன்னாடி, நிறம் திரும்பும்போது எடுத்தது, வீட்டுல வெச்சா பழுத்துரும். சின்ன வெங்காயம் காயவெச்சுப் பட்டறையில இருந்தது, அது புதுசா இருந்தாத்தான் சீக்கிரம் அழுகும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எல்லாக் காயும் பறித்தவுடன் தின்றால்தான் நல்லது என்று நகரத்தில் பலர் நினைக்கிறார்கள். வெங்காயம், பூசணி, சேனை எல்லாம் அப்படி இல்லை. காயாத வெங்காயத்தின் கழுத்து ஈரமாக இருக்கும், அங்கேதான் அழுகல் தொடங்கும். கீரையோ நேர் எதிர். இலை அகலம், தோல் மெல்லியது, பறித்த நிமிடத்திலிருந்து நீரை விட்டுக்கொண்டே இருக்கும். வெயிலில் சில மணி நேரத்திலேயே துவண்டுவிடும். ஆக, நேரக்கணக்கு கீரைக்குத்தான் உயிர். வெண்டைக்கு அதற்கு அடுத்தது. வெங்காயத்துக்கு அது பொருட்டே இல்லை.

'நேற்றுப் பறித்தது' என்று சொன்னால் ஆள் முகம் சுளிப்பாரே என்று தயங்குவீர்கள். காரணத்தைச் சொன்னால் சுளிக்க மாட்டார். காய் கெடுவதற்கு மணி நேரம் மட்டும் காரணம் இல்லை, சூடும் காரணம். செடியை விட்டு வந்த பின்னும் காய் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சூடு கூடக் கூட அந்த மூச்சும் கூடும், உள்ளே இருக்கும் சத்தும் நீரும் அவ்வளவு வேகமாகச் செலவாகும். காலை ஒன்பது மணிக்குப் பறித்து, மூடிய சாக்கில் கட்டி, மதிய வெயிலில் வண்டியில் வைத்துக் கொண்டுபோன வெண்டையைவிட, முந்தின சாயங்காலம் பறித்து இரவு முழுக்கக் காற்றோட்டமாகப் பரப்பி வைத்த வெண்டை நன்றாக இருக்கும். ஆனால் உண்மையிலேயே பரப்பி வைக்க வேண்டும். சாயங்காலக் காயில் பகல் சூடு ஏறியிருக்கும், டிப்பர் பெட்டியில் குவித்து அப்படியே விட்டால் அந்தச் சூடு நடுவில் தங்கிவிடும். விடியற்காலையில் டிப்பருக்குள் கையை விட்டுப் பாருங்கள். நடுவில் வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் சொல்லும் 'நேற்றுச் சாயங்காலம்' என்பது தேதிக்கணக்கில் மட்டும்தான் உண்மை.

தண்ணீர் தெளிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீரைக்கு ஈரச் சாக்கு போர்த்துவது தேவைதான். ஆனால் கட்டு சொட்டச் சொட்ட இருந்தால் பார்க்கப் பச்சையாகத் தெரியும், எடையும் கூடும், மறுநாள் நடுவில் அழுகியிருக்கும். வெண்டையை நனைக்கவே கூடாது, கறுத்து வழவழக்கும். கீரையை எடைக்கு விற்காமல் கட்டுக்கு விற்றுவிட்டால் இந்த ஆசையே வராது.

எத்தனை நாள் தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பேச்சு முழுசாகும். பல வீடுகளில் புதன்கிழமை வாங்கியதை ஞாயிற்றுக்கிழமை சமைப்பார்கள். அன்று கீரை மஞ்சளடித்திருந்தால் பழி உங்கள் மேல்தான் விழும். அதனால்:

"கீரையை இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குச் சமைச்சிருங்க. வெச்சுத்தான் ஆகணும்னா வேரை வெட்டிட்டு, கழுவாம, பருத்தித் துணியில சுத்தி ஃபிரிட்ஜுல வைங்க. வெண்டையைத் தொடச்சு, ஈரமில்லாம வைங்க. கத்திரியையும் தக்காளியையும் ரெண்டு மூணு நாளைக்கு வெளியிலயே நிழலா வைக்கலாமுங்க. ரொம்பக் குளிர்ச்சியில வெச்சா கத்திரித் தோல்ல குழி விழும், உள்ள விதை கறுத்துரும். தக்காளி ருசி போயிரும்."

இது நீங்களாகக் கட்டிய கதை இல்லை. கத்தரியும் வெண்டையும் சூட்டு நாட்டுப் பயிர்கள், பத்து டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் கத்தரி பாதிக்கப்படும். வீட்டு ஃபிரிட்ஜ் நாலைந்து டிகிரியில் ஓடுகிறது.

இனி மருந்து. நீங்கள் அடித்திருப்பது இரண்டே முறை என்றாலும் 'இயற்கை விவசாயம்', 'ஆர்கானிக்', 'மருந்தில்லாத காய்' என்று எதையும் சொல்லக் கூடாது. 'கிட்டத்தட்ட ஆர்கானிக்' என்றும் வேண்டாம், அப்படி ஒன்று கிடையாது. ஆர்கானிக் என்று விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. என்.பி.ஓ.பி. என்ற சான்று முறையும், விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறையும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு என்று அதைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விலக்கு சான்றிதழுக்குத்தான். மருந்து அடித்த காயை ஆர்கானிக் ஆக்கும் விலக்கு இல்லை அது.

ஆனால் உங்களிடம் சொல்வதற்கு நல்ல செய்தி இருக்கிறது. என்ன அடித்தீர்கள், ஏன், எத்தனை நாள் ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். மருந்துப் புட்டியின் லேபிளிலோ கூட வரும் தாளிலோ, அடித்த எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று பயிர்வாரியாகப் போட்டிருப்பார்கள். அந்தக் காத்திருப்பு நாள் முடிவதற்கு முன்னால் பறித்த காய் விற்பனைக்குக் கிடையாது. ஒரு பள்ளி நோட்டில் தேதி, பயிர், மருந்தின் பெயர், அளவு, பறித்த நாள் என்று எழுதி வையுங்கள். யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பலாம்.

"நாங்க ஆர்கானிக் சர்டிபிகேட் வாங்கலீங்க, அப்படிச் சொல்லி விக்கறதும் இல்ல. அடியுரம் எங்க மாட்டுச் சாணிதான். கத்திரியில தண்டும் காயும் துளைக்கற புழு ஜாஸ்தியானதால இந்தத் தடவை ரெண்டு வாட்டி மருந்து அடிச்சோம். லேபிள்ல போட்ட நாள் முடிஞ்சப்புறம்தான் பறிச்சோம். கீரைக்கு எதுவும் அடிக்கல. என்ன மருந்து, எந்தத் தேதின்னு நோட்டுல இருக்குது, கேட்டா அனுப்பறேன்."

'கீரைக்கு அடிக்கவில்லை' என்பது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். கத்தரிக்கு அடிக்கும்போது பக்கத்துப் பாத்திக் கீரை மேல் சாரல் விழுந்திருந்தால் அந்த வாக்கியம் போய்விட்டது. அந்தப் பறிப்பை விட்டுவிடுவது நல்லது.

இங்கே இன்னொரு பழக்கத்தையும் தவிர்க்கச் சொல்வேன். புழு இருக்கும் காயைக் காட்டி, 'பாருங்க, புழு இருக்கு, அதனால மருந்தே இல்ல' என்று சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். புழு இருந்தால் புழு வந்தது என்றுதான் அர்த்தம். பத்து முறை மருந்து அடித்த கத்தரியிலும் புழு இருக்கும், ஏனென்றால் அது பிஞ்சிலேயே காம்புக்குக் கீழே நுழைந்துவிடும், உள்ளே போனபின் மருந்து அதன் மேல் படாது. நுழைந்த துளையும் அடைபட்டுவிடும். அதனால்தான் நீங்கள் எவ்வளவு பார்த்துப் பொறுக்கினாலும் சில காய் தப்பி வரும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "கத்திரியில ஒண்ணு ரெண்டு சொத்தை வந்துரும், வெளியில தெரியாது. வெட்டினதும் போட்டோ அனுப்புங்க, அடுத்த பில்லுல கழிச்சுக்கறேன்." சொத்தை என்று படம் வந்தால் விசாரணை நடத்தாதீர்கள், கழித்துவிடுங்கள்.

கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு கேட்பார்கள். உங்கள் தோட்டத்தில் இல்லாததை மேட்டுப்பாளையம் மண்டியில் வாங்கிக் கொடுப்பதில் தப்பே இல்லை, தனித் தலைப்பில் போட்டால். "இது வாங்கினதுங்க, எப்பப் பறிச்சதுன்னு எனக்குத் தெரியாது" என்ற ஒரு வரி போதும். ஆனால் தொடக்கத்தில் இதை எடுக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். வாங்கிய காய் வந்தால் மிச்சம் வரும், மிச்சம் வந்தால் அடுத்த பையில் நுழையும்.

இப்போது ஆர்டர். பறித்த நேரத்தை உண்மையாகச் சொல்ல வேண்டுமானால், ஆர்டர் முடிந்தபின் பறிக்க வேண்டும். பறித்து வைத்துக்கொண்டு ஆர்டர் கேட்டால் நீங்களும் கடைதான். அதனால் மணியை இப்படி வைக்கலாம்: திங்கள் இரவு ஏழு மணிக்குப் பட்டியல், செவ்வாய் மதியம் பன்னிரண்டுக்கு ஆர்டர் முடிவு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பறிப்பு, புதன் விடியலில் கீரை, ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் அப்பார்ட்மென்ட் கேட்டில். தக்காளி மட்டும் இதற்குள் அடங்காது, முன்னாலேயே எடுக்க வேண்டியது. அதைத்தான் பேச்சில் சொல்லிவிட்டோமே. சனிக்கிழமைக்கு வியாழன் இரவும் வெள்ளி மதியமும்.

"பட்டியல் திங்களும் வியாழனும் ராத்திரி ஏழு மணிக்கு வருமுங்க. அடுத்த நாள் மத்தியானம் பன்னெண்டுக்குள்ள பேர், வீட்டு நம்பர், காய், எடை போட்டு மெசேஜ் பண்ணுங்க. பன்னெண்டு தாண்டினா அடுத்த தடவைக்குத்தான், ஏன்னா அதுக்கப்புறம் கணக்குப் பார்த்துட்டுப் பறிக்கப் போயிருவோம். பணம் இப்ப வேண்டாம். எடை போட்ட அப்புறம் பில் அனுப்பறோம், காய் கைக்கு வந்து பார்த்துட்டு போன்ல போட்டு விட்டாப் போதும்."

முன்பணம் வாங்காததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. கேட்ட எடை அப்படியே கிடைக்கும் என்று தோட்டத்தில் யாரும் உறுதி சொல்ல முடியாது. முன்பணம் வாங்கினால் வாரம் தவறாமல் பதினெட்டு ரூபாய், இருபத்தி ரெண்டு ரூபாய் என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள்.

பட்டியலில் எவ்வளவு போடுவது என்பதில்தான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் சறுக்குகிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கத்தரியில் கடைசி மூன்று பறிப்பில் பொறுக்கி எடுத்தபின் 26, 22, 24 கிலோ வந்தது என்று வையுங்கள். சராசரி 24. அதைப் பட்டியலில் போடாதீர்கள். குறைந்ததை எடுத்து, அதிலும் கொஞ்சம் விட்டு, 18 கிலோ என்று போடுங்கள். மிஞ்சினால் வடவள்ளி உழவர் சந்தை இருக்கிறது, உங்கள் பெயரில் அடையாள அட்டை வாங்கி வைத்திருந்தால்.

18 கிலோவும் ஆர்டராகிவிட்டது: பத்து வீடு ஒரு கிலோ, பதினாறு வீடு அரைக் கிலோ. அந்த வாரம் மழை, புழுச் சொத்தை எல்லாம் போக 15 கிலோதான் தேறுகிறது. மூன்று கிலோ குறைவு. கடைசியாக ஆர்டர் போட்ட மூன்று நாலு வீட்டுக்கு இல்லை என்று சொல்வது சுலபம், ஆனால் அவர்கள் போய்விடுவார்கள். அரைக் கிலோ கேட்டவர்களுக்கு முழுசாகக் கொடுத்துவிடுங்கள், அதற்கு எட்டுக் கிலோ. மீதி ஏழு கிலோவைப் பத்து வீட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு 700 கிராம். கிலோ 60 ரூபாய் என்றால் 42 ரூபாய்க்குப் பில். பறித்த அன்றே, செவ்வாய் இரவே, சொல்லிவிட வேண்டும்:

"அக்கா, கத்திரி ஒரு கிலோ கேட்டிருந்தீங்க. மழையில காய் கம்மியாயிருச்சு, எழுநூறு கிராம்தான் வெக்க முடிஞ்சது. பில்லுல 42 ரூபாதான் போட்டிருக்கேன். புடலை கொஞ்சம் இருக்குது, வேணும்னா சொல்லுங்க, நீங்க சொல்லாம வெக்க மாட்டேன்."

அந்தக் கடைசித் துண்டு முக்கியம். கேட்காமல் வேறு காய் வைப்பது, அதுவும் நல்ல எண்ணத்தில் வைப்பது, நிறையச் சண்டைக்குக் காரணம். ஒரு வீட்டில் புடலையே சாப்பிட மாட்டார்கள், உங்களுக்குத் தெரியாது.

வெண்டையில் ஒரு சோதனை காத்திருக்கிறது. அதை ஒன்று விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றி நார் ஓடிவிடும். நீங்கள் கொடுப்பது வாரத்தில் இரண்டு நாள்தான் என்பதால் இடையில் ஒரு பறிப்பு வந்தே தீரும். அந்தக் காய் கண் முன்னால் கிடக்கும்போது செவ்வாய்க்கிழமைக் காயோடு இரண்டு கிலோ கலந்தால் யாருக்குத் தெரியும் என்று தோன்றும். நுனியை ஒடித்துப் பார்க்கும் அம்மாவுக்குத் தெரியும். இடைப் பறிப்பைச் சந்தைக்கு அனுப்புங்கள், அல்லது 'ஞாயிறு பறித்தது' என்று எழுதி விலை குறைத்துத் தனியாகப் போடுங்கள். குழம்புக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

விலையை வாரத்துக்கு ஒருமுறை சொன்னால் போதும். 'மார்க்கெட்டை விடக் குறைவு' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தக்காளி விலை இரண்டு நாளில் பாதியாக விழும், அன்று அந்த வாக்கியம் உங்களைக் குத்தும். உழவர் சந்தை விலைப்பலகையை அளவுகோலாக வைத்து, கொண்டுவந்து சேர்க்கும் செலவைச் சேர்த்து, அதை வெளிப்படையாகச் சொல்லலாம்: "உழவர் சந்தை விலையைப் பார்த்துத்தான் போடறோம், வண்டிச் செலவுக்குக் கிலோவுக்கு இவ்வளவு சேரும்." சிலர் அங்கேயே போய் வாங்கிக்கொள்கிறேன் என்பார்கள். சரிங்க என்று விட்டுவிடுங்கள். தராசு மட்டும் முத்திரை போட்டதாக இருக்கட்டும், பையின் எடை போகக் காய் எடை என்று பில்லில் வரட்டும்.

இரண்டு கேள்விகள் நிச்சயம் வரும். ஒன்று, "கடைக் காயெல்லாம் விஷம்தானே?" ஆமாம் என்று சொல்லி நல்ல பேர் வாங்கத் தோன்றும். "அது எப்படி விளைஞ்சதுன்னு எனக்குத் தெரியாதுங்க, எங்க காயைப் பத்தி மட்டும்தான் நான் சொல்ல முடியும்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரை குறையும், ரத்தம் ஊறும் என்ற பேச்சும் அப்படியே, வாயைத் திறக்காதீர்கள். இன்னொன்று, "தினமும் கொண்டு வரலாமே?" அதற்கு: "தினமும் பறிச்சா காய் தேறாதுங்க. கத்திரி ஒரு தடவை பறிச்சா அடுத்தது வர மூணு நாலு நாள் ஆகும். தினமும் கொண்டு வரணும்னா வெளியில வாங்கித்தான் கொண்டு வரணும்."

குழுவில் முதல் மாதம் முப்பது வீட்டுக்கு மேல் சேர்க்க வேண்டாம். மேலே போட்ட கணக்கில் கத்தரி மட்டும் இருபத்தாறு வீட்டுக்குத்தான் வந்தது, அதுவும் மழை வாரத்தில் இழுத்துப் பிடித்து.